இரண்டுக்கு இரண்டு: ஒரு ஸ்கோரின் கணக்கு

2019 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை மாலை. இங்கிலீஷ் பிரீமியர் லீகில் மான்செஸ்டர் சிட்டி தன் சொந்த மைதானமான எத்திஹாடில் டாட்டன்ஹாமை எதிர்கொண்டது. முந்தைய சீசனின் சாம்பியன் சிட்டி. அன்று அவர்கள் கோலை நோக்கி 30 முறை உதைத்தார்கள். டாட்டன்ஹாம் மூன்றே முறை. ஸ்டெர்லிங் ஒரு கோல், அகுவேரோ ஒரு கோல். ஆனால் அந்த மூன்று உதைகளில் இரண்டை டாட்டன்ஹாம் கோலாக்கிவிட்டது. லமேலா ஒன்று போட்டார். இன்னொன்றைப் போட்ட லூகாஸ் மௌரா, மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கி அரை நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

ஆட்டம் முடியும் தறுவாயில், காயங்களுக்காகக் கூட்டிக் கொடுத்த நேரத்தில், கேப்ரியல் ஜீசஸ் பந்தை வலைக்குள் அடித்தார். அரங்கம் கொந்தளித்தது. பிறகு வி.ஏ.ஆர். வந்தது. பந்து வரும் வழியில் சிட்டியின் லபோர்ட் கையில் உரசியிருக்கிறது, கோல் செல்லாது என்றார்கள். ஆட்டம் 2–2.

நம்பவே முடியாத ஸ்கோர் என்று மறுநாள் எல்லோரும் பேசினார்கள். எவ்வளவு நம்ப முடியாதது? அன்று காலை, ஆட்டம் தொடங்கும் முன்பே, 2–2 என்று முடிய எத்தனை சதவீதம் வாய்ப்பு இருந்தது? முந்தைய சீசனின் சில கூட்டுத்தொகைகளும் ஒரு கால்குலேட்டரும் இருந்தால் இதற்கு விடை சொல்லிவிடலாம். அதற்கான வழியைத்தான் பாய்சான் பரவல் என்கிறார்கள். பிளஸ் டூவில் வணிகக் கணிதம் படித்தவர்களுக்குப் பெயராவது ஞாபகம் இருக்கும். தேர்வுக்கு முந்தைய இரவு மனப்பாடம் செய்து, தேர்வு அறையிலேயே விட்டுவிட்டு வந்த சூத்திரங்களில் அதுவும் ஒன்று.

சூத்திரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

ஒரு அணி ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 2.3 கோல் போடும் என்று வைத்துக்கொள்வோம். 2.3 கோலை யாராலும் போட முடியாது. ஒரு நாள் நான்கு, ஒரு நாள் ஒன்று, ஒரு நாள் ஒன்றுமே இல்லை என்று இருந்து, சராசரி 2.3 வருகிறது. இப்போது 90 நிமிடத்தை நிமிடம் நிமிடமாகத் துண்டு போடுங்கள். ஒவ்வொரு நிமிடத்திலும் கோல் விழ 2.3-ஐ 90-ஆல் வகுத்தால் வரும் வாய்ப்பு, அதாவது சுமார் 2.6 சதவீதம் இருக்கிறது. விழாமல் போக 97.4 சதவீதம். அந்த அணி ஆட்டம் முழுக்க ஒரு கோலும் போடாமல் இருக்க வேண்டுமானால், 90 நிமிடமும் வரிசையாகத் தப்பித்தாக வேண்டும். அந்த எண்ணை 90 முறை தன்னோடு தானே பெருக்கினால் ஏறக்குறைய 9.7 சதவீதம் வருகிறது.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரே நிமிடத்தில் இரண்டு கோல் விழலாமே? சரி, பத்துப் பத்து விநாடியாகத் துண்டு போடுவோம். 540 துண்டுகள். இப்போது விடை 9.98 சதவீதம். விநாடி விநாடியாக நறுக்கினால் 10.02. இன்னும் பொடிப்பொடியாக நறுக்கிக்கொண்டே போனால் விடை 10.03-ல் வந்து நின்றுவிடுகிறது, அதற்கு மேல் நகர்வதில்லை. சூத்திரத்தில் வரும் e என்ற எழுத்து இந்த நறுக்கலின் முடிவில் கிடைப்பதுதான். அதன் மதிப்பு 2.718 சொச்சம். 2.3 சராசரி உள்ள அணி கோலே போடாமல் இருக்கும் வாய்ப்பு e-யின் −2.3 அடுக்கு. கைபேசியில் இருக்கும் கால்குலேட்டரைப் படுக்கை வாக்கில் திருப்பினால் பெரும்பாலும் அந்தப் பொத்தான் தெரியும்.

பூச்சியம் கிடைத்துவிட்டால் மற்றவை படிப்படியாகத் தானே வரும். ஒரு கோலுக்கான வாய்ப்பு வேண்டுமா? பூச்சியத்துக்கானதை 2.3-ஆல் பெருக்கி 1-ஆல் வகுக்க வேண்டும். இரண்டு கோலுக்கு? ஒரு கோலுக்கானதை 2.3-ஆல் பெருக்கி 2-ஆல் வகுக்க வேண்டும். மூன்றுக்கு, இரண்டுக்கானதை 2.3-ஆல் பெருக்கி 3-ஆல் வகுக்க வேண்டும். பெருக்கும் எண் மாறுவதே இல்லை. வகுக்கும் எண் மட்டும் ஒவ்வொரு படிக்கும் ஒன்று கூடுகிறது. அதனால்தான் வாய்ப்பு முதலில் ஏறி, பிறகு இறங்கி, ஆறேழு கோலுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்துவிடுகிறது. பாடப்புத்தகம் இதையே ஒரே வரியில் இப்படி எழுதும்:

```
P(k) = λ^k · e^(−λ) / k!
```

இதில் λ, லாம்டா, என்பது சராசரி. k என்பது கோல் எண்ணிக்கை. எக்ஸெல் வைத்திருப்பவர்களுக்கு இதுவும் தேவையில்லை. `=POISSON.DIST(2, 2.3, FALSE)` என்று ஒரு கட்டத்தில் தட்டினால், இரண்டு கோலுக்கான வாய்ப்பு 0.265 என்று வந்துவிடும்.

இதைக் கண்டவரான சிமியோன் டெனி பாய்சானுக்குக் கால்பந்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. 1837-ல் வெளிவந்த அவருடைய நூல் நீதிமன்றத் தீர்ப்புகளின் நிகழ்தகவைப் பற்றியது. அறுபது வருடம் கழித்து, 1898-ல், போர்ட்கீவிச் என்ற புள்ளியியலாளர்தான் அதை நிஜ உலகத்தில் பொருத்திக் காட்டினார். பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்துச் செத்துப்போன வீரர்களின் கணக்கை எடுத்துப் போட்டுப் பார்த்தார், பொருந்தியது. குதிரை உதையும் கோலும் ஒரே ஜாதி. நடக்க வாய்ப்பு எந்நேரமும் உண்டு, ஆனால் நடப்பது அபூர்வம். அடுத்தது எப்போது என்பதை முந்தையது சொல்லாது.

கால்பந்தில் இது பொருந்துகிறதா என்று பார்க்க எனக்குப் பிடித்த உதாரணம் 1990 முதல் 2002 வரை நடந்த நான்கு உலகக் கோப்பைகள். மொத்தம் 232 ஆட்டங்கள். கூடுதல் நேரத்தை விட்டுவிட்டால் 575 கோல்கள். இரு அணியும் சேர்ந்து ஆட்டத்துக்குச் சராசரி 2.48. இந்த ஒரே எண்ணை மட்டும் பாய்சானிடம் கொடுத்து, 232 ஆட்டத்தில் எத்தனை ஆட்டம் கோலே இல்லாமல் முடிந்திருக்கும் என்று கேட்டால் 19.5 என்கிறது. உண்மையில் முடிந்தவை 19. ஒரே ஒரு கோல் விழுந்த ஆட்டங்கள்? கணக்கு 48 என்கிறது, நடந்தது 49. இரண்டு கோல் விழுந்தவை கணக்கில் 60, களத்தில் 60. மூன்றுக்கு 49-ம் 47-ம். நான்குக்கு 31-ம் 32-ம். முதல் முறை இதைப் போட்டுப் பார்த்தபோது எங்கோ தப்புச் செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன், இன்னொரு முறை கூட்டினேன். பயிற்சியாளர்கள், வியூகங்கள், கண்ணீர், பெனால்டி எல்லாம் கலந்த நான்கு உலகக் கோப்பைகள், ஒற்றைச் சராசரியிலிருந்து இப்படி விரிந்து வருகின்றன.

ஆனால் உலகக் கோப்பைகளின் மொத்தக் கணக்கு வேறு, குறிப்பிட்ட இரண்டு அணிகள் மோதும் ஓர் ஆட்டம் வேறு. எத்திஹாடுக்குத் திரும்புவோம். இங்கே சூத்திரத்தில் சிரமமே இல்லை. சரியான சராசரியைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. சிட்டி சொந்த மண்ணில், அதுவும் டாட்டன்ஹாமுக்கு எதிராக, எத்தனை கோல் போடும் என்று எதிர்பார்க்கலாம்?

முந்தைய சீசனான 2018–19-ல் பிரீமியர் லீகில் 380 ஆட்டங்கள் நடந்தன. சொந்த மண்ணில் ஆடிய அணிகள் மொத்தம் 596 கோல் போட்டன, வெளியூர் அணிகள் 476. அதாவது சொந்த மண் அணிக்கு ஆட்டத்துக்கு 1.57, வந்த அணிக்கு 1.25. கூட்டமும் பழகிய புல்லும் பயணக் களைப்பும் சேர்ந்து ஏற்படுத்தும் வித்தியாசம் இது. இதைக் கணக்கில் எடுக்காமல் போடும் எந்தக் கணிப்பும் முதல் அடியிலேயே சறுக்கும்.

அந்த சீசனில் சிட்டி சொந்த மண்ணின் 19 ஆட்டங்களில் 57 கோல் போட்டது. ஆட்டத்துக்குச் சரியாக 3. வாங்கியது 12, அதாவது ஆட்டத்துக்கு 0.63. டாட்டன்ஹாம் வெளியூரில் ஆடிய 19 ஆட்டங்களில் 33 கோல் போட்டு 23 வாங்கியது. ஆட்டத்துக்குப் போட்டது 1.74, வாங்கியது 1.21.

சிட்டி சராசரியாக 3 போடும் என்றால், அது எல்லா வகை அணிகளுக்கும் எதிரான சராசரி. டாட்டன்ஹாமின் தற்காப்பு அவர்களை விடக் கெட்டியா, தளர்வா? வெளியூர் போகும் ஓர் அணி சராசரியாக 1.57 வாங்குகிறது. டாட்டன்ஹாம் 1.21 வாங்கியது. 1.21-ஐ 1.57-ஆல் வகுத்தால் 0.77. ஒரு சாதாரண அணி 100 கோல் வாங்கும் இடத்தில் டாட்டன்ஹாம் 77 வாங்கும் என்று பொருள். ஆகவே சிட்டியின் 3-ஐ 0.77-ஆல் பெருக்க வேண்டும். 2.31 வருகிறது.

மறுபக்கமும் இதே கதைதான். டாட்டன்ஹாம் வெளியூரில் 1.74 போடும். ஆனால் எதிரில் இருப்பது சிட்டியின் தற்காப்பு. சொந்த மண்ணில் ஒரு சாதாரண அணி 1.25 வாங்கும்போது சிட்டி 0.63 வாங்கியது. அதாவது பாதி. 1.74-ல் பாதி 0.87.

தசமத்துக்குப் பின் ஓரிலக்கம் போதும். 2.3, 0.9 என்று எடுத்துக்கொள்கிறேன். இதற்கு மேல் இலக்கம் சேர்ப்பவர்கள் தங்களிடம் இல்லாத துல்லியத்தைக் காட்டுகிறார்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். தாக்குதல், தற்காப்பு என இப்படி ஒவ்வோர் அணிக்கும் ஓர் எண் கொடுத்துப் பெருக்கும் முறையை 1982-ல் மைக்கேல் மாஹர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் ஒழுங்காக வகுத்துக் காட்டினார். இன்றைக்கு எத்தனை நவீனமான கணிப்பு முறையைப் பிரித்துப் பார்த்தாலும் அடியில் அந்தப் பெருக்கல் கிடக்கும்.

இனி முன்பு சொன்ன படிக்கட்டில் ஏறலாம். சிட்டிக்குப் பூச்சியம் கோல் 10.0 சதவீதம். அதை 2.3-ஆல் பெருக்கினால் ஒரு கோலுக்கு 23.1. மறுபடி 2.3-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் இரண்டு கோலுக்கு 26.5. அடுத்து மூன்றுக்கு 20.3, நான்குக்கு 11.7, ஐந்துக்கு 5.4. டாட்டன்ஹாமுக்குப் பூச்சியம் 40.7 சதவீதம், ஒன்று 36.6, இரண்டு 16.5, மூன்று 4.9, நான்கு 1.1.

ஒரு ஸ்கோரின் வாய்ப்பு வேண்டுமானால் இந்தப் பக்கத்தில் ஒன்று, அந்தப் பக்கத்தில் ஒன்று எடுத்துப் பெருக்கினால் போதும். 2–2-க்கு: சிட்டி இரண்டு போட 0.265, டாட்டன்ஹாம் இரண்டு போட 0.165. பெருக்கினால் 0.0437. ஏறக்குறைய 4.4 சதவீதம். இருபத்து மூன்றில் ஒன்று.

இதே மாதிரி எல்லா ஜோடிகளையும் பெருக்கி ஒரு கட்டம் போட்டால், மேலே வருபவை இவை:

2–0: 10.8 சதவீதம்
2–1: 9.7
1–0: 9.4
1–1: 8.4
3–0: 8.3
3–1: 7.4

சிட்டி ஜெயிக்கும் ஸ்கோர்களை எல்லாம் கூட்டினால் 69 சதவீதம். டிரா 18. டாட்டன்ஹாம் வெற்றி 13.

இந்தப் பட்டியலின் முதல் வரியில் கொஞ்சம் நில்லுங்கள். எல்லாவற்றையும் விட அதிக வாய்ப்புள்ள ஸ்கோர் 2–0. அதுவே பதினோரு சதவீதத்தைத் தொடவில்லை. யாராவது அன்று காலை "2–0, எழுதி வைத்துக்கொள்" என்று சொல்லியிருந்தால், அது சொல்லக்கூடியதிலேயே சிறந்த கணிப்பு. ஆனாலும் பத்தில் ஒன்பது முறை தப்பாகும். கால்பந்து ஸ்கோரில் இதுதான் நிலவரம், கணிப்பவரின் திறமைக் குறைவு அல்ல. "கரெக்ட் ஸ்கோர்" விற்பதாகச் சொல்லி டெலிகிராமில் பணம் கேட்பவர்கள் இந்தக் கட்டத்தை ஒரு முறை போட்டுப் பார்த்திருந்தால் கேட்கக் கொஞ்சம் கூச்சப்பட்டிருப்பார்கள். அல்லது போட்டுப் பார்த்ததால்தான் முன்பணம் கேட்கிறார்களோ என்னவோ.

இன்னொன்று. 4.4 சதவீதம் என்பது கேட்கச் சிறியதாக இருக்கிறது. ஆனால் அன்று எந்த ஸ்கோர் வந்திருந்தாலும் அதுவும் சிறிய எண்ணாகத்தான் இருந்திருக்கும். சிட்டி 3–1 என்று சர்வ சாதாரணமாக ஜெயித்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அதன் வாய்ப்பு 7.4 தான். 2–2-க்கும் அதற்கும் உள்ள தூரம், மறுநாள் பேச்சைக் கேட்டு நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை.

இதுவரை எல்லாம் ஒழுங்காகப் பொருந்துவது போல எழுதிவிட்டேன். பொருந்தாத இடங்களும் உண்டு. அவை எங்கே என்று தெரிந்தால்தான் இந்தக் கணக்கை நம்பிப் பயன்படுத்த முடியும்.

முதலாவது, அந்தப் பெருக்கல். இரண்டு வாய்ப்புகளை அப்படியே பெருக்கலாம் என்றால் ஒன்றுக்கும் மற்றதுக்கும் தொடர்பு இல்லை என்று அர்த்தம். சிட்டி எத்தனை போட்டாலும் டாட்டன்ஹாமின் கோல் எண்ணிக்கை மாறாது என்று நாம் சத்தமில்லாமல் ஒப்புக்கொண்டுவிட்டோம். களத்தில் அப்படியா நடக்கிறது? 0–0 என்று எண்பதாவது நிமிடம் வரை போனால் இரு அணியும் ஒரு புள்ளி போதும் என்று பந்தைப் பின்னாலேயே தட்டிக்கொண்டிருக்கும். 1–0 என்றால் பின்தங்கிய அணி எல்லாரையும் முன்னால் அனுப்பும். ஆகவே பாய்சான் சொல்வதைவிட 0–0-ம் 1–1-ம் அதிகமாகவும், 1–0-ம் 0–1-ம் குறைவாகவும் வருகின்றன.

லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் டிக்சன், ஸ்டூவர்ட் கோல்ஸ் இருவரும் 1997-ல் இதற்கு ஒரு மருந்து சொன்னார்கள். முழுக் கட்டத்தையும் கலைக்காமல், இந்த நான்கு மூலைக் கட்டங்களை மட்டும் தொட்டுச் சரிசெய்வது. எவ்வளவு சரிசெய்ய வேண்டும் என்பதை ரோ என்ற ஒரே எண் தீர்மானிக்கும். அந்த எண்ணைப் பழைய ஆட்டங்களிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். −0.1 என்று வைத்து நம் ஆட்டத்தில் போட்டால், 0–0 இருந்த 4.1 சதவீதம் 4.9 ஆகிறது. 1–1 இருந்த 8.4, 9.3 ஆகிறது. அவை எடுத்துக்கொண்டதை 1–0-ம் 0–1-ம் கொடுத்துவிடுகின்றன. மொத்தம் மாறுவதில்லை. டிராவின் வாய்ப்பு 18-லிருந்து 19.7-க்கு ஏறுகிறது. 2–2-ஐ இந்த மருந்து தொடுவதே இல்லை. ஒட்டுப்போட்ட வேலை மாதிரித் தெரியும், உண்மையில் அப்படித்தான். ஆனால் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கிழியாமல் இருக்கிற ஒட்டு. அதே கட்டுரையில் அவர்கள் சொன்ன இன்னொரு யோசனையும் நடைமுறையில் நிலைத்துவிட்டது. போன வாரத்து ஆட்டத்துக்கு அதிக எடையும், போன வருடத்து ஆட்டத்துக்குக் குறைந்த எடையும் கொடுக்க வேண்டும் என்பது.

இரண்டாவது, சராசரி ஆட்டம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் என்ற நம்பிக்கை. சிவப்பு அட்டை விழுந்தால் அது அங்கேயே உடைகிறது. மனம் உடைந்தாலும்தான். 2014 ஜூலை 8, பெலோ ஹொரிசோன்டேவில் பிரேசிலை ஜெர்மனி 7–1 என்று நொறுக்கிய அரையிறுதியை எடுத்துக்கொள்வோம். இரண்டும் பலமான அணிகள். ஜெர்மனிக்குத் தாராளமாக 1.3 கோல் சராசரி என்று வைத்தால், ஏழு அல்லது அதற்கு மேல் போடும் வாய்ப்பு இரண்டாயிரத்து ஐந்நூறில் ஒன்று என்கிறது பாய்சான். சராசரி 1.3 கடைசிவரை 1.3 ஆகவே இருந்தால் இது சரி. ஆனால் 23-ஆவது நிமிடத்துக்கும் 29-ஆவது நிமிடத்துக்கும் இடையில் நான்கு கோல் விழுந்தது. அந்த ஆறு நிமிடத்தில் பிரேசிலின் தற்காப்பு ஆட்டம் தொடங்கியபோது இருந்த தற்காப்பே இல்லை. பிரஷ்யக் குதிரை உதைத்தால் அடுத்த குதிரைக்குத் தெரியாது. ஒரு கோல் விழுந்தால் எதிரணிக்குத் தெரியும்.

அதனால் பெரிய ஸ்கோர்களை இந்தக் கணக்கு எப்போதுமே கொஞ்சம் குறைத்துத்தான் மதிப்பிடும். உங்களிடம் ஒரு சீசனின் முடிவுகள் இருந்தால் நீங்களே சோதிக்கலாம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கணக்குச் சொன்ன வாய்ப்பை எழுதிக்கொள்ளுங்கள். டிராவுக்கு 25 சதவீதம் என்று சொன்ன ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்து, அவற்றில் உண்மையில் எத்தனை டிரா ஆயின என்று எண்ணுங்கள். நூறு ஆட்டத்தில் இருபத்தைந்துக்குப் பக்கத்தில் வந்தால் கணக்கு ஆரோக்கியமாக இருக்கிறது. முப்பத்தைந்து வந்தால் எங்கோ கோளாறு. ஒரே ஓர் ஆட்டத்தை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. எத்திஹாடின் 2–2 நம் கணக்கைச் சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை.

மூன்றாவதுதான், என் பார்வையில், பலரும் கவனிக்காமல் தாண்டிப் போவது. ஓரிலக்கம் போதும் என்று முன்பு சொன்னேனே, அதன் காரணம். பாய்சான் பரவலுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. எண்ணிக்கை எவ்வளவோ, அதன் வர்க்கமூலம்தான் அதில் எதிர்பார்க்கக்கூடிய தடுமாற்றம். சிட்டி சொந்த மண்ணில் வாங்கிய கோல் 12. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய மூன்றரை. இதன் பொருள் என்னவென்றால், அதே அணி, அதே திறமையோடு, அதே சீசனை மறுபடி ஆடியிருந்தால் 9 வாங்கியிருந்தாலும் ஆச்சரியமில்லை, 15 வாங்கியிருந்தாலும் ஆச்சரியமில்லை. 9 என்று வைத்துக் கணக்குப் போட்டால் டாட்டன்ஹாமின் சராசரி 0.9-லிருந்து 0.66-க்கு இறங்குகிறது. 15 என்றால் 1.1-க்கு ஏறுகிறது. 2–2-ன் வாய்ப்பு ஒரு பக்கம் 3 சதவீதம், மறுபக்கம் 5 சதவீதத்துக்கு மேல்.

ஆக, நாம் கண்டுபிடித்த 4.4 என்பதே ஒரு மூடுபனிக்குள் நிற்கும் எண். அந்த மூடுபனி எவ்வளவு அடர்த்தி என்று சொல்வதும் அதே பாய்சான்தான். பத்தொன்பது ஆட்டம் மிகக் குறைவு. இதனால்தான் இப்போதெல்லாம் கோல்களுக்குப் பதிலாக உதைகளை எண்ணுகிறார்கள். ஒவ்வோர் உதையும் எந்த இடத்திலிருந்து, எந்தக் கோணத்தில் அடிக்கப்பட்டது, அப்படிப்பட்ட உதைகள் வழக்கமாக எத்தனை சதவீதம் கோலாகின்றன என்று மதிப்பிட்டுக் கூட்டுகிறார்கள். எக்ஸ்ஜி என்று தொலைக்காட்சியில் ஓரத்தில் காட்டுவது இதைத்தான். ஓர் ஆட்டத்தில் கோல் இரண்டுதான், உதைகள் இருபத்தைந்து. எண்ணப் பொருள் அதிகம், தடுமாற்றம் குறைவு. அங்கேயும் கடைசியில் கிடைக்கும் சராசரியைப் பெரும்பாலும் பாய்சானிடம்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

செல்லாமல் போன ஜீசஸின் அந்தக் கோலைப் பற்றி ஒரு வார்த்தை. அது செல்லுபடியாகி ஆட்டம் 3–2 என்று முடிந்திருந்தால்? சிட்டி மூன்று போட 0.203, டாட்டன்ஹாம் இரண்டு போட 0.165. பெருக்கினால் 3.3 சதவீதம். முப்பதில் ஒன்று. 2–2-ஐ விடவும் அபூர்வமான ஸ்கோர். ஆனால் சாம்பியன் கடைசி நிமிடத்தில் ஜெயித்தது என்று எல்லோரும் அதை இயல்பாக ஏற்றுக்கொண்டிருப்பார்கள்.

அந்த சீசன் முடிந்தபோது சிட்டியின் சொந்த மண் கணக்கை எடுத்துப் பார்த்தேன். 19 ஆட்டங்களில் போட்டது மறுபடியும் 57. வாங்கியது 13. முந்தைய வருடம் 57-ம் 12-ம். இதைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. 57-ன் தடுமாற்றமே ஏழு, எட்டு இருக்கும்போது இரண்டு வருடமும் அச்சுப் பிசகாமல் 57 வந்தது தற்செயல். இன்னொரு விஷயம்தான் கண்ணை உறுத்தியது. அந்த வருடம் முழுக்க சிட்டி சொந்த மண்ணில் டிரா செய்தது இரண்டே ஆட்டம். ஒன்று டாட்டன்ஹாமோடு. மற்றது 2020 ஜனவரி 18 அன்று கிரிஸ்டல் பேலஸோடு. இரண்டும் 2–2.

அபூர்வமான ஸ்கோர் என்று சொன்னது ஒரே மைதானத்தில் இரண்டு முறை. நண்பர்கள் இதில் சூட்சுமம் தேடினார்கள், தற்காப்பு ஆட்டக்காரர்களின் காயங்களைக் காட்டினார்கள். எனக்குக் கை கால்குலேட்டருக்குப் போனது. சிட்டிக்கு வரும் விருந்தாளிகளில் பலர் டாட்டன்ஹாமை விடப் பலவீனமானவர்கள், ஆகவே ஆட்டத்துக்கு 2–2-ன் வாய்ப்பு சராசரியாக 3 சதவீதம் என்று வைத்தேன். 19 ஆட்டத்துக்கு எதிர்பார்ப்பு 0.57 முறை. அபூர்வமாக நடப்பவற்றின் எண்ணிக்கைதானே, அதுவும் பாய்சானின் இலாகாதான். லாம்டா 0.57 என்று போட்டு, பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் உரிய வாய்ப்புகளைக் கழித்தேன். ஒரே சீசனில் இரண்டு அல்லது அதற்கு மேல் 2–2 வரும் வாய்ப்பு 11 சதவீதம் என்று வந்தது. ஒன்பது சீசனுக்கு ஒரு முறை.